ரிப்போட்டில் ‘மதி’ என்று எழுதியிருந்தால் அது பாராட்டு அல்ல

தவணை விடுமுறை தொடங்கியதும் கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு நான்கைந்து தாய்மார் ரிப்போட்டுடன் வருவார்கள். நான் தமிழ் மூலப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிப்பவள். ஆனால் வருகின்ற ரிப்போட்கள் எல்லாம் சிங்களத்தில் இருக்கும். பிள்ளை கண்டி நகரப் பாடசாலையொன்றில் சிங்கள மூலத்தில் படிக்கும். உம்மா அக்குறணையிலோ மடவளையிலோ தமிழில் படித்தவராக இருப்பார். வாப்பா கடையில் சிங்களம் நன்றாகப் பேசுவார், ஆனால் வாசிப்பு வராது. ஆகவே ரிப்போட்டை வாசித்துச் சொல்கின்ற பொறுப்பு அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் வரும். அந்த ஒருவர், ரிப்போட்டுக்குச் சொந்தக்காரரான பிள்ளை.

இது எமது பகுதிகளுக்குப் புதிய நிலைமை அல்ல. இலங்கையில் தாய்மொழி மூலக் கல்வி கொண்டுவரப்பட்ட காலத்திலேயே முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது. மலையகத்தின் நகரங்களில் பலர் சிங்கள மூலத்தைத் தேர்ந்தெடுத்தனர், இன்றும் தேர்ந்தெடுக்கின்றனர். அந்தத் தெரிவு சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்கு உரியது. இங்கே நான் பேச விரும்புவது, தெரிவு செய்த பின்னர் வருடத்துக்கு மூன்று முறை வீட்டுக்கு வருகின்ற அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டுமே.

சிங்கள எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பெற்றோரும் இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ரிப்போட்டில் வரும் சொற்களில் பல, காதுக்குத் தமிழ்போலவே ஒலிக்கும். பொருள் மட்டும் வேறாக இருக்கும். மிக மோசமானது ‘மதி’. தமிழில் மதி என்றால் அறிவு. சிங்களத்தில் ‘மதி’ என்றால் போதாது. ‘அவதானய மதி’ என்று ஆசிரியர் எழுதினால், பாடத்தில் கவனம் போதாது என்று பொருள். ஒரு தாய் இதை அவதானமும் மதியும் உள்ள பிள்ளை என்று விளங்கிக்கொண்டு, “நல்லம் எண்டுதானே டீச்சர் போட்டீக்கி?” என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற மகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்தது ‘உத்ஸாஹ’. ‘தவ உத்ஸாஹ கரன்ன’ என்ற வாக்கியம் இல்லாத ரிப்போட்டை நான் கண்டது குறைவு. எமக்கு உற்சாகம் என்றால் மகிழ்ச்சியும் துடிப்பும். சிங்களத்தில் அது முயற்சி. இன்னும் முயற்சி செய்யவும் என்பதே அந்த வாக்கியம். ‘வினய’ என்பதும் அப்படித்தான். தமிழில் வினயம் என்றால் பணிவு. அங்கே அது ஒழுக்கம், கட்டுப்பாடு. ‘வினய ஹொந்தய்’ என்றால் பிள்ளை வகுப்பில் குழப்பம் செய்வதில்லை என்று அர்த்தம். படிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

‘சாமான்ய’ என்ற சொல் இரண்டு இடங்களில் வரும். புள்ளிகளுக்குக் கீழே ‘எகதுவ’ என்று மொத்தமும், அதற்கடுத்து ‘சாமான்யய’ என்று சராசரியும், ‘ஸ்தானய’ என்று வகுப்பில் எத்தனையாம் இடம் என்பதும் இருக்கும். அந்தச் சாமான்யய வெறும் கணக்கு. ஆசிரியரின் குறிப்பில் ‘சாமான்யய்’ என்று வந்தால் அது சாதாரணம் என்ற மதிப்பீடு. சாதாரணம்தானே, பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. சாதாரண தரப் பரீட்சையின் அளவுகோலில் 35 முதல் 49 வரை எஸ், அதாவது சாதாரண சித்தி. 50க்கு மேல்தான் சி என்ற திறமைச் சித்தி. 35க்குக் கீழே டபிள்யூ. பல பாடசாலைகள் கீழ் வகுப்புகளிலும் இதே எழுத்துகளைப் போடுகின்றன. ஆகவே சாமான்ய என்று எழுதப்பட்ட பிள்ளை, டபிள்யூவுக்கு அடுத்த படியில் நிற்கக்கூடும்.

இன்னும் இரண்டு சிறு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ‘நமுத்’, அதாவது ஆனால். ‘ஹெகியாவ எத, நமுத்’ என்று தொடங்கினால் திறமை உண்டு, ஆனால் என்று பொருள். ஆசிரியர் உண்மையில் சொல்ல வந்தது நமுத்துக்குப் பிறகுதான் இருக்கும். பிள்ளைகள் வாசித்துக் காட்டும்போது நமுத் வரும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மற்றது ‘நொ’. சொல்லின் முன்னால் இது வந்தால் பொருள் தலைகீழாகும். ‘செலகிலிமத்’ கவனமான பிள்ளை. ‘நொசெலகிலிமத்’ கவனமற்ற பிள்ளை.

மொழிபெயர்ப்பு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் மொழிபெயர்த்த வாக்கியத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. ஆசிரியத் தொழிலின் உள்விடயம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வகுப்பாசிரியர் நாற்பது ரிப்போட்களை இரண்டு மூன்று இரவுகளில் எழுதி முடிக்க வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் பாடம் எப்படி நடத்துவது, வினாத்தாள் எப்படி அமைப்பது என்றெல்லாம் எமக்குப் பயிற்சி தந்தார்கள். ரிப்போட்டில் குறிப்பு எழுதுவதைப் பற்றி ஒரு மணித்தியாலமும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆகவே ஒவ்வொருவர் கையிலும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் இருக்கும். அவற்றையே மாற்றி மாற்றிப் போடுவோம். ‘இன்னும் முயற்சி செய்யவும்’ என்பது 34 எடுத்த பிள்ளைக்கும் வரும், 64 எடுத்த பிள்ளைக்கும் வரும். தமிழ் மூல ரிப்போட்டிலும் கதை இதுதான். அந்த வாக்கியத்தைக் கொண்டு பிள்ளையை அடிப்பதும் பயனில்லை, அதைக் கண்டு மகிழ்வதும் பயனில்லை.

சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு ரிப்போட்டை வைத்து மிகுதியைச் சொல்கிறேன். பிள்ளையை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தரம் 8, முதலாம் தவணை. சிங்களம் 58, கணிதம் 34, விஞ்ஞானம் 46, வரலாறு 41, ஆங்கிலம் 67, இஸ்லாம் 78. குறிப்பில் இருந்தது மூன்று வாக்கியங்கள்: ‘வினய ஹொந்தய். கணிதய துர்வலய். தவ உத்ஸாஹ கரன்ன.’ ஒழுக்கம் நல்லது, கணிதம் பலவீனம், இன்னும் முயற்சி செய்யவும்.

நான் முதலில் பார்த்தது வருகையை. சிங்களத்தில் ‘பெமிணீம’. இரண்டு நாள்தான் வராமல் இருந்திருக்கிறார். ஆகவே தவறவிட்ட பாடங்கள் காரணம் அல்ல. (முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை உண்டு. சிங்களப் பாடசாலைகளில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அது இல்லை. நோன்பு வருகின்ற தவணையில் வருகை சட்டென்று குறைந்திருந்தால், அந்தக் கிழமைகளில் எந்தப் பாட அலகு நடந்தது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.) இரண்டாவதாக வகுப்புச் சராசரியைக் கேட்டு வரச் சொன்னேன். கணிதத்தில் வகுப்பின் சராசரி 52. அப்படியானால் பிள்ளை 18 புள்ளிகள் பின்னால். வகுப்பே 36 எடுத்திருந்தால் 34 என்பது வேறு கதை, அப்போது வினாத்தாள்தான் கடினம். சராசரி தெரியாமல் புள்ளியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

மூன்றாவது விடைத்தாள். பாடசாலைகள் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுக்கின்றன. அது பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். ரிப்போட்டைவிடப் பல மடங்கு பெறுமதியானது அந்தத் தாள்தான். பெற்றோருக்குக் கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை. வெட்டுப் போட்ட இடங்களை எண்ணி, வெறுமையாக விட்டவை எத்தனை, செய்து பிழைத்தவை எத்தனை என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

இந்தப் பிள்ளை இழந்த 66 புள்ளிகளையும் உம்மாவும் நானும் மேசையில் வைத்துப் பிரித்தோம். 30 புள்ளிகள் தொடவே இல்லாத வினாக்களில் போயிருந்தன. அவை பெரும்பாலும் நான்கைந்து வரி வசனமாக வந்த கணக்குகள். 14 புள்ளிகள் பின்னங்களில். 8 புள்ளிகள் கழித்தல் குறியை மறந்ததிலும் அவசரக் கூட்டலிலும். மிகுதி 14 அங்கொன்றும் இங்கொன்றும். ‘கணிதய துர்வலய்’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருந்தன.

பின்னத்தை எடுப்போம். 2/3 + 1/4 என்ற கூட்டலுக்குப் பிள்ளை 3/7 என்று எழுதியிருந்தார். மேலே உள்ள இரண்டையும் கூட்டி, கீழே உள்ள இரண்டையும் கூட்டிவிட்டார். இது தரம் 8 பிழை அல்ல. தரம் 6, 7 பாடநூல்களில் பகுதி எண்களைச் சமப்படுத்திக் கூட்டுகின்ற பாடம் பிள்ளைக்குள் போகவில்லை. தரம் 8 டியூஷன் வகுப்பில் இது சரியாகாது, ஏனென்றால் அங்கே அந்த ஸேர் தரம் 8 பாடத்தில் முன்னுக்குப் போய்க்கொண்டிருப்பார். இருபது பேருக்கு நடுவில் ஒரு பிள்ளைக்காக இரண்டு வருடம் பின்னுக்குப் போக அவருக்கு வழியில்லை. டியூஷன் காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வீட்டில் இதைச் செய்யலாம். ஒரு ரொட்டியை 12 துண்டாக வெட்டினால், 2/3 என்பது 8 துண்டு, 1/4 என்பது 3 துண்டு, கூட்டினால் 11 துண்டு, அதாவது 11/12. 3/7 ஏன் பிழை என்றும் பிள்ளையே கண்டுபிடிக்கும்: 2/3 என்றாலே அரைவாசிக்கு மேல், அதோடு இன்னும் சேர்த்த பிறகு அரைவாசிக்குக் குறைவாக வருமா? இந்த உம்மா தரம் 7 பாடநூலில் பின்னப் பாடத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு என்று செய்யவைத்தார். மூன்று கிழமை ஆனது.

ஆனால் சிங்களப் பாடநூல் உம்மாவுக்கு விளங்குமா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் கணித, விஞ்ஞானப் பாடநூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே உள்ளடக்கத்துடன் வெளியிடுகிறது. அத்தியாயங்களின் வரிசையும் பயிற்சிகளும் ஒன்றுதான். பிள்ளையின் கையில் சிங்களப் புத்தகம், உம்மாவின் கையில் அதே தரத்தின் தமிழ்ப் புத்தகம். சிங்களத்தில் ‘பாக’ என்பது தமிழில் பின்னம், ‘ப்ரதிஷத’ என்பது சதவீதம், ‘வர்கபலய’ என்பது பரப்பளவு. சொல் தெரியாவிட்டாலும் அத்தியாய எண்ணையும் பயிற்சி எண்ணையும் வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். www.edupub.gov.lk என்ற இணையத்தளத்தில் இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம். தமிழ் மூலப் பாடசாலையில் படித்துமுடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பழைய புத்தகத்தை வாங்கினாலும் சரி, பதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் புத்தகம் உம்மாவுக்கானது, பிள்ளைக்கானது அல்ல. விஞ்ஞானத்தில் ஒளித்தொகுப்பு என்று தமிழில் பாடமாக்கிய பிள்ளை, பரீட்சையில் ‘ப்ரபாசங்ஸ்லேஷணய’ என்று எழுத முடியாமல் நிற்கும். விளக்கத்தைத் தமிழில் பேசலாம், கலைச்சொல் பாடசாலையின் மொழியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது நோய், அந்த 30 புள்ளிகள். வெறுமையாக விட்ட கணக்குகளில் ஒன்றை நான் தமிழில் சொல்லிக் கேட்டேன். வியாபாரி ஒருவரிடம் 24 கிலோ அரிசி இருந்தது. அதில் 2/3 பங்கை விற்றார். மிகுதியில் 1/4 பங்கைத் தானமாகக் கொடுத்தார். எஞ்சியது எவ்வளவு? பிள்ளை யோசித்து, விற்றது 16, மிகுதி 8, கொடுத்தது 2, எஞ்சியது 6 என்று சரியாகச் சொன்னார். அதே கணக்கைச் சிங்களத்தில் வாசித்துச் செய்யச் சொன்னபோது 2 என்று எழுதினார். 24 இலிருந்து 16ஐயும், 24 இன் கால்வாசியான 6ஐயும் கழித்திருக்கிறார். ‘இதிரியென்’ என்ற ஒரு சொல், அதாவது மிகுதியிலிருந்து என்பது, அவர் கண்ணில் படவே இல்லை.

இது கணிதப் பலவீனம் அல்ல, வாசிப்புப் பலவீனம். விளையாட்டு மைதானத்தில் பிள்ளை சரளமாகச் சிங்களம் பேசுவதைக் கேட்டு, மொழிப் பிரச்சினை இல்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பேச்சுச் சிங்களத்துக்கும் புத்தகச் சிங்களத்துக்கும் உள்ள தூரம், எமது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்தது அல்ல. சிங்களம் பேசும் வீட்டில் பத்திரிகையும் கதைப் புத்தகமும் அந்தத் தூரத்தை நிரப்பும். எமது வீட்டில் அதை நிரப்ப எதுவும் இல்லை. சிங்களம் 58, வரலாறு 41 என்ற புள்ளிகளும் இதையே காட்டின. ஒரு பிள்ளைக்குக் கணிதம், விஞ்ஞானம், வரலாறு எல்லாமே ஒன்றாகக் குறைந்து, ஆங்கிலமும் இஸ்லாமும் நன்றாக இருந்தால், பாடங்களைத் தனித்தனியாகச் சந்தேகிப்பதற்கு முன்னர் வாசிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இஸ்லாம் பாடத்தில் கேள்வி என்ன கேட்கப்போகிறது என்று வீட்டிலும் மத்ரஸாவிலும் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

மருந்து எளிமையானது, சலிப்பூட்டக்கூடியது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இருபது நிமிடம். பிள்ளை ஒரு வசனக் கணக்கைச் சிங்களத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது, என்ன கேட்கிறார்கள் என்று உம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். விடை கண்டுபிடிக்கத் தேவையில்லை. உம்மா தமிழ்ப் புத்தகத்தில் அதே கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது ஒரு சொல் விடுபட்டால், “இன்னொருக்கா வாசிங்க மகன்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. மூன்று கணக்கு இப்படிச் சொன்ன பிறகு, ஒன்றை மட்டும் எழுதிச் செய்தால் போதும். ஓதப் போய்வந்து களைத்த பிள்ளைக்கு அதற்கு மேல் தாங்காது. விடுபட்ட சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் இருபத்தைந்து சொற்கள்தான் சேர்ந்தன. கணக்குப் பாடத்தின் சிங்களம் அவ்வளவு சிறியது.

இரண்டாம் தவணையில் கணிதம் 47, வகுப்புச் சராசரி 49. பின்தங்கல் 18 இலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. வெறுமையாக விட்டதில் போன புள்ளிகள் 30 இலிருந்து 12 ஆகியிருந்தன. ஆனால் வரலாறு 41 இலிருந்து 43 தான். வரலாற்றில் வாசித்து விளங்குவது போதாது, பந்தி பந்தியாக எழுத வேண்டும். அது இருபது நிமிட வேலையால் ஆறு மாதத்தில் வருவது அல்ல. அதற்கு எழுதியதைத் திருத்தித் தரக்கூடிய சிங்கள ஆசிரியர் ஒருவர் தேவை. டியூஷனுக்குச் செலவழிக்கக் காசு இருந்தால் அங்கே செலவழிக்கலாம் என்று சொன்னேன். ரிப்போட்டில் குறிப்பு என்ன என்று கேட்கிறீர்களா? ‘தவ உத்ஸாஹ கரன்ன.’ ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் உம்மாமார் பலர் மொழிக்குப் பயந்து, வகுப்பாசிரியர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். இரண்டு வாக்கியங்களைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். ‘மகே புதா கணிதே மொன கொட்டஸடத துர்வல?’ என் மகன் கணிதத்தில் எந்தப் பகுதியில் பலவீனம்? மகள் என்றால் புதா என்ற இடத்தில் துவ. அடுத்தது, ‘உத்தர பத்ரய பலன்ன புளுவன்த?’ விடைத்தாளைப் பார்க்கலாமா? பதில் முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. ஆசிரியர் பாடப் புத்தகத்தைத் திறந்து எந்த அத்தியாயத்தில் விரலை வைக்கிறார் என்று பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், வீட்டில் தமிழ்ப் புத்தகத்தில் அதே எண்ணைத் திறக்கலாம்.